வாசல் கேமராவின் பேட்டரி நாலே நாளில் தீர்கிறதா? வீவக வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உட்லண்ட்ஸில் எங்கள் வீடு மூன்றாவது மாடி, மின்தூக்கியிலிருந்து இரண்டாவது கதவு. போன வருடம் வாசலில் ஒரு வயரில்லாக் கேமரா மாட்டினேன். நாலு நாளைக்கு ஒருமுறை ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கழற்றி சார்ஜ் போடுவதே வேலையாகிப் போனது. காரணத்தைத் தேடிப் பிடித்துச் சரிசெய்ய ஒரு மாதம் ஆனது. அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தினரும் சொந்தக்காரர்களும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உள்ளே சார்ஜ் ஏறும் பேட்டரி வைத்த கேமராக்களுக்கு மட்டுமே இது பொருந்தும். எப்போதும் பிளக்கில் இருக்கும் கேமரா வேறு வகை.

பெட்டியில் ஆறு மாதம் வரும் என்று போட்டிருக்கிறது. முழுசாக சார்ஜ் செய்து மாட்டினேன், நாலு நாளில் செத்துவிட்டது. பேட்டரி டூப்ளிகேட்டா?

பெரும்பாலும் இல்லை. இந்தக் கேமரா நாள் முழுக்க விழித்திருப்பதில்லை, தூங்கிக்கொண்டுதான் இருக்கும். முன்பக்கம் பால் நிறத்தில் ஒரு சின்னக் குமிழ் இருக்கிறதல்லவா, அதற்குப் பின்னால் இருக்கும் வெப்ப சென்சர் மட்டும் காவல் இருக்கும். ஆள் நடமாடினால் அது கேமராவைத் தட்டி எழுப்பும். கேமரா எழுந்து, படம் பிடித்து, வைஃபை வழியாக அனுப்பிவிட்டு மறுபடி தூங்கப் போகும். தூக்கத்தில் செலவு மிகச் சொற்பம். விழித்திருக்கும்போது அதைப்போல நூறு மடங்குக்கு மேல் இழுக்கும்.

பெட்டியில் போட்டிருக்கும் ஆறு மாதம், ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள் மட்டும் விழிக்கும் கேமராவுக்கான கணக்கு. தோட்டத்து வீட்டின் பின்வாசலில் அதை ஓரளவு நெருங்கலாம். மின்தூக்கிக்குப் பக்கத்தில் இருக்கும் வீவக வாசலில் அது நடக்காது. அதனால் பேட்டரியைச் சந்தேகப்படும் முன்னால், கேமரா ஒரு நாளைக்கு எத்தனை தடவை விழிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

எத்தனை தடவை விழிக்கிறது என்று எங்கே பார்ப்பது? பார்த்து என்ன செய்வது?

ஆப்பில் Events அல்லது Playback என்று ஒரு பக்கம் இருக்கும். ஒரு சாதாரண வேலைநாளை எடுத்துக்கொண்டு அன்றைய கிளிப்புகளை எண்ணுங்கள். மொத்தத்தோடு நிறுத்தாமல், எந்த நேரத்தில் எத்தனை என்றும் பிரித்து எழுதுங்கள். காரணம் அதில்தான் வெளியே வரும்.

என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை மொத்தம் 286 கிளிப். காலை எட்டரை வரை 64, பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவர்கள். அதற்குப் பிறகு மதியம் இரண்டு வரை 28. இரண்டிலிருந்து ஐந்து வரை 48. மாலை எட்டரை வரை 76, அதற்குப் பிறகு பதினொன்று வரை 22. நள்ளிரவிலிருந்து விடியும் வரை 48.

காலையும் மாலையும் எதிர்பார்த்ததுதான். மதியம் இரண்டு மணிக்கு மேல் எங்கள் காரிடாரில் ஈ காக்கை இருக்காது. அப்புறம் ஏன் 48? கிளிப்புகளைத் திறந்து பார்த்தால், எதிர்ச் சுவர் ஓரம் பக்கத்து வீட்டார் வைத்திருந்த துணிக் கொடி. மேற்கு வெயிலில் சூடேறிய துணி காற்றில் ஆடும்போதெல்லாம் கேமரா எழுந்திருக்கிறது. நள்ளிரவு 48-க்குக் காரணம், எங்கள் காலணி அலமாரியின் மேல் படுத்து, புரண்டு, எழுந்து, மறுபடி படுத்த புளோக் பூனை. ஆக ஒரு நாளில் 96 தடவை துணிக்கும் பூனைக்கும் செலவு.

இனி பேட்டரிக் கணக்கு. என் கேமராவில் 5200 மில்லியாம்ப் மணி பேட்டரி. கிளிப் 20 வினாடிதான் என்றாலும் எழுவதற்கும் அனுப்பி முடிப்பதற்கும் சேர்த்து அரை நிமிடம் விழித்திருக்கும். அந்த நேரத்தில் சராசரியாக 350 மில்லியாம்ப் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த ரகக் கேமராக்களுக்கு அது நடுத்தரமான மதிப்பு. தூக்கத்தில் 2 மில்லியாம்ப் இழுக்கும், பேட்டரியில் 85 சதவீதம்தான் பயன்படும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

```
350 × 30 ÷ 3600 = 2.9 mAh   (ஒரு கிளிப்)
2.9 × 286       = 830 mAh   (ஒரு நாள்)
2 × 24          = 48 mAh    (தூக்கத்தில்)
830 + 48        = 878 mAh   (நாளைக்கு மொத்தம்)
5200 × 0.85     = 4420 mAh  (பயன்படக்கூடியது)
4420 ÷ 878      = 5 நாள்
```

ஐந்து நாள் வர வேண்டும், எனக்கோ நாலுதான் வந்தது. அந்த ஒரு நாள் எங்கே போனது என்பதற்குக் கீழே வருகிறேன். ஆனால் பேட்டரி டூப்ளிகேட் இல்லை என்பதற்கு இந்தக் கணக்கே போதும். இதே கேமரா ஒரு நாளைக்கு 20 தடவை மட்டும் விழித்தால், இதே கணக்கில் நாற்பது நாளைத் தாண்டும்.

சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால் உண்மையிலேயே ஆள் வரும்போது பிடிக்காமல் போய்விடாதா?

போகலாம். நம் ஊரில் அதற்குத் தனிக் காரணமும் உண்டு. அந்த வெப்ப சென்சர் உருவத்தைப் பார்ப்பதில்லை. சுற்றுப்புறத்தை விடச் சூடான ஒன்று தன் பார்வையில் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு நகர்வதைத்தான் பார்க்கிறது. மதியம் காரிடாரில் வெப்பம் 32, 33 டிகிரிக்குப் போகும். மனிதத் தோலின் வெப்பமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். வித்தியாசம் இல்லாவிட்டால் சென்சருக்கு ஆள் தெரிவதில்லை. மதியம் வந்த டெலிவரிக்காரரைப் பிடிக்கவில்லை என்று கோபப்பட்டு சென்சிட்டிவிட்டியை உச்சத்தில் வைப்போம். இரவு வெப்பம் 26-க்கு இறங்கியதும் அதே அளவில் பூனை, நாய், காரிடார்க் கோடியில் நடக்கும் ஆள் என்று எல்லாவற்றுக்கும் எழுந்துவிடும். நானும் அதைத்தான் செய்திருந்தேன்.

குறைப்பதற்கு முன்னால் கேமரா நிற்கும் கோணத்தை மாற்றுங்கள். நேராகத் தன்னை நோக்கி வரும் ஆளை இந்த சென்சர் தாமதமாகத்தான் உணரும். குறுக்கே கடப்பவரைச் சட்டென்று பிடிக்கும். காரிடாரின் நீளத்தைப் பார்க்கும்படி மாட்டினால் இரண்டு பக்கமும் கெடுதல்: தூரத்தில் குறுக்கே போகிறவர்களுக்கெல்லாம் எழும், நம் வாசலுக்கு நேராக வருபவரைத் தாமதமாகப் பிடிக்கும். இரண்டு மீட்டர் உயரத்தில் வைத்து, நம் கதவுக்கு முன்னால் இருக்கும் தரையைப் பார்க்கும்படி நன்றாகக் கீழே சாய்த்துவிடுங்கள். அப்புறம் சென்சிட்டிவிட்டியை நடு அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஆப்பில் நேரவாரியாக அமைக்கும் வசதி இருந்தால் மதியம் கூட்டியும் இரவு குறைத்தும் வைக்கலாம்.

வைத்த பிறகு வீட்டில் ஒருவரை மதியம் ஒரு தடவை, இரவு ஒரு தடவை நடக்கச் சொல்லிச் சோதியுங்கள். மதியம் மட்டும் சோதித்தால் ஏமாந்து போவோம்.

ஆப்பில் ஸோன் வரைந்து பக்கத்து வீட்டு நடமாட்டத்தை விலக்கிவிட்டேன். நோட்டிபிகேஷன் குறைந்தது, சார்ஜ் மட்டும் அதே வேகத்தில் இறங்குகிறது. ஏன்?

பல மாடல்களில் ஸோன் என்பது கேமரா எழுந்த பிறகு நடக்கும் வேலை. வெப்ப சென்சருக்கு நீங்கள் வரைந்த கட்டம் தெரியாது. அது தட்டி எழுப்பும், கேமரா எழுந்து படத்தைப் பார்க்கும், 'இது கட்டத்துக்கு வெளியே' என்று தெரிந்ததும் உங்களுக்குச் சொல்லாமல் மறுபடி தூங்கும். நமக்குத் தொந்தரவு இல்லை, செலவு மட்டும் ஆகிவிடுகிறது. 'ஆள் மட்டும்' என்ற Human Detection வசதியும் பெரும்பாலும் இதே கதைதான். கிளிப் எண்ணிக்கை குறைந்தும் சார்ஜ் இறங்கும் வேகம் குறையாவிட்டால் உங்கள் மாடல் இந்த ரகம்.

இதற்கு நான் செய்த வைத்தியம் ஒரு வெள்ளிச் செலவுக்குள் முடிந்தது. மின்வேலைக்குப் பயன்படும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சின்னத் துண்டாக வெட்டி, அந்தப் பால்நிறக் குமிழின் ஒரு பக்கத்தை மறைத்தேன். மின்தூக்கி இருக்கும் பக்கத்தை மூடினால் அங்கிருந்து வரும் வெப்பம் சென்சருக்கே எட்டாது, கேமரா எழவே எழாது. படம் பிடிக்கும் லென்ஸ் வேறு, இந்தக் குமிழ் வேறு. மாற்றி ஒட்டிவிடாதீர்கள். குமிழின் மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, நடந்து பார்த்து, தேவைப்பட்டால் கூட்டுங்கள். சில மாடல்களில் வெளிச்சத்தை அளக்கும் சின்னத் துளை பக்கத்திலேயே இருக்கும். அதை மூடினால் பட்டப்பகலிலும் இரவு மோடுக்குப் போய்விடும்.

துணிக் கொடியை ஒரு முழம் நகர்த்தச் சொல்லிப் பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் கேட்டேன், சிரித்துக்கொண்டே நகர்த்தினார். பூனைக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. காலணி அலமாரியைத்தான் வீட்டுக்குள் எடுத்தோம்.

கிளிப் நீளம் எவ்வளவு வைக்கலாம்?

வாசலுக்கு 10 அல்லது 12 வினாடி போதும். 'அசைவு நிற்கும் வரை பதிவு' என்ற அமைப்பு இருந்தால் எடுத்துவிடுங்கள், இரண்டு பேர் வாசலில் நின்று கதை பேசினால் முழுக் கதையும் பதிவாகும். அடுத்தடுத்த பதிவுகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் ஓய்வு என்ற அமைப்பு இருந்தால் ஒரு நிமிடம் வையுங்கள். ஆனால் அந்த நிமிடத்துக்குள் இரண்டாவதாக ஒருவர் வந்தால் பதிவாகாது. அது பரவாயில்லை என்றால் மட்டும்.

அசைவா, சிக்னலா, பேட்டரியா? எது குற்றவாளி என்று எப்படிப் பிரிப்பது?

மூன்று நாள் ஒதுக்குங்கள். 90 சதவீதத்துக்குப் பக்கத்தில் தொடங்குங்கள். முழு சார்ஜில் சதவீத எண் சரியாக நகர்வதில்லை, கடைசி 20 சதவீதத்திலும் நம்ப முடியாது.

முதல் நாள், கேமரா மாட்டிய இடத்திலேயே இருக்கட்டும், அசைவு கண்டறிதலை முழுவதும் அணைத்துவிடுங்கள். 24 மணி நேரம் ஆப்பைத் திறக்கவே கூடாது. சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள், அதே நிலையில் கேமராவைக் கழற்றி ரவுட்டருக்கு இரண்டு மீட்டர் பக்கத்தில் வையுங்கள். மூன்றாம் நாள், மறுபடி வாசலில் மாட்டி அசைவைப் போடுங்கள்.

எனக்கு முதல் நாள் 5 சதவீதம் இறங்கியது. இரண்டாம் நாள் ஒன்றே ஒன்று. மூன்றாம் நாள் இருபத்தொன்றுக்குப் பக்கம். இரண்டாம் நாளில் ஒன்றுதான் என்றால் பேட்டரி நலம். முதல் நாளுக்கும் இரண்டாம் நாளுக்கும் உள்ள 4 சதவீத வித்தியாசம் சிக்னலுடையது, ஏனென்றால் இடத்தைத் தவிர வேறெதுவும் மாறவில்லை. மீதியெல்லாம் அசைவு. மேலே கணக்கில் உதைத்த அந்த ஒரு நாளும் இங்கேதான் கிடைத்தது: தூக்கத்தில் 48 மில்லியாம்ப் மணி போகும் என்று போட்டிருந்தேன், உண்மையில் 260 போயிருக்கிறது. அதைச் சேர்த்தால் நாளைக்கு 1090, சரியாக நாலு நாள்.

ரவுட்டர் பக்கத்தில் வைத்து, அசைவையும் அணைத்த பிறகு ஒரே நாளில் 8, 10 சதவீதம் இறங்கினால், அப்போது பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.

வாசலில் நின்று போனில் பார்த்தால் வைஃபை மூன்று பார் காட்டுகிறது. கேமராவுக்கு மட்டும் எப்படி சிக்னல் போதாது?

போனில் தெரியும் பார், ரவுட்டர் பேசுவது போனுக்கு எவ்வளவு கேட்கிறது என்பது. கேமராவுக்கு முக்கியம் எதிர்த்திசை, அது அனுப்பும் படம் ரவுட்டருக்கு எட்ட வேண்டும். கேமராவின் ஆன்டெனா சின்னது, ஒலியும் மெல்லியது. தூரத்தில் இருப்பவரிடம் மெதுவாகப் பேசினால் 'என்னது, என்னது' என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள் அல்லவா, அப்படித்தான் ஒரே துண்டைக் கேமரா பல தடவை அனுப்பும். 20 வினாடிக் கிளிப்பை அனுப்ப ஒரு நிமிடம் விழித்திருக்க நேரும். இணைப்பு அறுந்துவிட்டால் இன்னும் மோசம், தூக்கத்தைக் கலைத்து ரவுட்டரைத் தேடிக்கொண்டே இருக்கும். அசைவே இல்லாமல் சார்ஜ் இறங்குவது இதனால்தான்.

ஆப்பில் Device Info பக்கத்தில் சிக்னல் அளவு `-58 dBm` என்பது போல இருக்கும். கழித்தல் குறி இருப்பதால் எண் சிறியதாக இருந்தால் நல்லது. 60 வரை நிம்மதி. 70-ஐத் தொட்டால் பேட்டரி அடிபடத் தொடங்கும். 75-ஐத் தாண்டினால் அந்த இடத்தில் பேட்டரிக் கேமரா வைப்பது வீண். அளக்கும்போது கதவையும் இரும்பு கேட்டையும் மூடிவிட்டு அளங்கள், இரவில் அப்படித்தானே இருக்கும். எங்கள் வீட்டில் கதவு திறந்திருந்தபோது 71, மூடியதும் 77.

வீவக வீட்டில் வழியை மறிப்பவை இரண்டு. ஒன்று அந்த இரும்பு கேட். இன்னொன்று பாம் ஷெல்டர். 1990-களின் கடைசியிலிருந்து கட்டிய வீடுகளில் இருக்கும் அந்த அறையின் சுவர் இரும்புக் கம்பி வைத்த தடித்த கான்கிரீட், கதவும் எஃகு. ரவுட்டருக்கும் வாசலுக்கும் நடுவே அது நின்றால் வைஃபை சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். சிலர் வயர்கள் கண்ணில் படக்கூடாது என்று ரவுட்டரையே ஷெல்டருக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். அந்த வீட்டு வாசலில் எந்தக் கேமரா மாட்டினாலும் இதே நிலைமைதான்.

அப்படியென்றால் ரிப்பீட்டர் வாங்க வேண்டுமா?

முதலில் காசு செலவில்லாததைச் செய்யுங்கள். எங்கள் ரவுட்டர் டிவிக்குப் பின்னால், அலமாரிக்குள் இருந்தது. கொஞ்சம் நீளமான நெட்வொர்க் கேபிள் போட்டு இரண்டு மீட்டர் தள்ளி அலமாரி மேல் தட்டுக்கு ஏற்றினேன், ஷெல்டர் குறுக்கே வராத கோணத்தில். கதவு மூடியபோதும் 64-க்கு வந்தது. அசைவை அணைத்து வைத்தால் நாளைக்கு 5 சதவீதம் இறங்கியது 2 ஆனது.

அடுத்தது சேனல். பேட்டரிக் கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும். புளோக்கில் மேலும் கீழும் பக்கத்திலும் இருக்கும் அத்தனை வீட்டு வைஃபையும் அதே அலைவரிசையில்தான் இரைந்துகொண்டிருக்கும். ரவுட்டர் பக்கத்தில் 2.4-க்கான சேனலை Auto-விலிருந்து எடுத்து 1, 6, 11 என்ற மூன்றில் நெரிசல் குறைந்த ஒன்றில் நிறுத்துங்கள், அகலத்தை 20 MHz ஆக வையுங்கள். ரவுட்டர் தானாகச் சேனல் மாற்றும்போதெல்லாம் கேமரா இணைப்பை இழந்து தேடத் தொடங்கும், அந்தத் தேடலும் மிச்சமாகும்.

இவ்வளவுக்கும் பிறகு 70-க்கு மேல் நின்றால் ரிப்பீட்டரோ மெஷ்ஷோ வாங்கலாம். அதை வாசலை ஒட்டி வைக்காமல் நடுவழியில் வையுங்கள். ரவுட்டரின் சிக்னலே சரியாக எட்டாத இடத்தில் வைத்தால் ரிப்பீட்டரும் 'என்னது, என்னது' என்று கேட்கும்.

பகலில் சரியாக இருக்கிறது. ராத்திரிதான் சார்ஜ் மடமடவென்று இறங்குகிறது. இரவு மோடை அணைக்கலாமா?

காரிடார் விளக்கு இருந்தால் அணைத்துப் பாருங்கள். இரவு மோடில் ஒவ்வொரு கிளிப்புக்கும் அகச்சிவப்பு எல்இடிகள் எரியும், அதனால் கூடுதலாக 100 முதல் 200 மில்லியாம்ப் வரை போகலாம். சிங்கப்பூரில் வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் இருட்டுகிறது, ஏழை ஒட்டித்தான் விடிகிறது. ஆகவே எந்த மாதமானாலும் நாளில் பாதி இரவுக் கணக்கு. ஆனால் வீவக காரிடாரில் அந்த நேரம் முழுக்க விளக்கு எரிகிறது. இரவு ஒன்பது மணிக்கு Night Vision-ஐ Off செய்துவிட்டு, ஒருவரை வாசலில் நிற்கச் சொல்லிப் பாருங்கள். முகம் அடையாளம் தெரிந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். எனக்கு வண்ணத்தில், இன்னும் தெளிவாகவே தெரிகிறது. தரைவீடோ விளக்கில்லாத பின்வாசலோ என்றால் இது செல்லாது, அகச்சிவப்பு வேண்டும்.

ஸ்பாட்லைட் போட்டு இரவில் வண்ணப்படம் எடுக்கும் மோடு இருந்தால் அதை முதலில் அணையுங்கள். அகச்சிவப்பை விடவும் அது தின்னும், எதிர்வீட்டுக்காரருக்கும் எரிச்சல்.

Auto-வில் விட்டால் ஒரு சிக்கல் வரும். சில புளோக்குகளில் ஆள் வந்தால் பிரகாசமாகி, போனதும் மங்கும் விளக்குகள். கேமரா இரவா பகலா என்று முடிவெடுக்க முடியாமல் மாறி மாறிப் போகும். காதை வைத்துக் கேட்டால் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் வடிகட்டி நகர்வது அது. ஒரே கிளிப்பில் படம் கறுப்புவெள்ளையாகி மறுபடி வண்ணமானால் இதுதான் நடக்கிறது. இரண்டில் ஒன்றில் நிலையாக நிறுத்துங்கள்.

இரவில் படம் முழுக்க வெள்ளைப் புகை மாதிரி இருக்கிறது. கேமரா போய்விட்டதா?

சிலந்தி வலையாக இருக்கும். எல்இடி பக்கம் கட்டிய ஒற்றை இழைகூட அகச்சிவப்பில் பளிச்சென்று வெளுக்கும். கம்பி கேட்டுக்கு ஒட்டி, கம்பி வழியாக எட்டிப் பார்க்கும்படி மாட்டியிருந்தாலும் இப்படித்தான் வரும். வலைக்கு வெப்பம் இல்லாததால் அது கேமராவை எழுப்பாது. ஆனால் 'அசைவு நிற்கும் வரை பதிவு' இருந்தால், வேறெதற்கோ எழுந்த கேமரா ஆடும் வலையைப் பார்த்துத் தூங்கப் போகாது. வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள்.

எல்லாம் செய்துவிட்டேன். கிளிப் குறைவு, சிக்னல் நன்று. இன்னும் சரியாகவில்லை.

கேமராவை யார் யாரோடு பகிர்ந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். திருச்சியில் இருக்கும் என் அம்மாவுக்கும் ஆப் போட்டுக் கொடுத்திருந்தேன். மருமகள் போட்ட கோலத்தைப் பார்க்க, பேத்தி பள்ளியிலிருந்து வந்துவிட்டாளா என்று பார்க்க, தினம் நாலைந்து தடவை திறந்து, மூட மறந்து, அடுப்படிக்குப் போய்விடுவார். நேரலை பத்து நிமிடம் ஓடினால் 58 மில்லியாம்ப் மணி, அதாவது இருபது கிளிப்புக்குச் சமம். நேரலை எதுவும் Events பக்கத்தில் வராது, அதனால் எண்ணிக்கையில் தெரியவில்லை. பார்க்காதீர்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. காலையில் கோலத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம்.

இதையும் சரிசெய்த பிறகு கிளிப் நாளைக்கு நாற்பதை ஒட்டி நிற்கிறது. பேட்டரி மூன்று வாரத்தைத் தாண்டுகிறது. ஆறு மாதம் இன்னும் வரவில்லை, அந்த வாசலில் வரவும் வராது.

சோலார் பேனல் சேர்த்தால் தீர்ந்துவிடுமே?

காரிடார்க் கூரைக்கு உள்ளே நேர் வெயில் விழாது, நிழலில் அந்தச் சின்னப் பேனல் தருவது ஒன்றுமில்லை. வெயிலுக்காகக் காரிடார்க் கட்டைச்சுவரின் வெளிப்பக்கம் தொங்கவிட நினைக்காதீர்கள், கீழே போகிறவர் தலையில் விழும்.

யுஎஸ்பி வயரை நிரந்தரமாகச் செருகிவிடலாமா?

வாசலை ஒட்டி ஜன்னல் இருந்தால் அதுதான் நல்ல தீர்வு. பெரும்பாலான மாடல்களுக்கு 5 வோல்ட் போதும், அடாப்டரில் சிங்கப்பூர் SAFETY முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வயரைக் கதவிடுக்கில் நசுங்கும்படி விடாதீர்கள். வயர் செருகினாலும் பல மாடல்கள் தூங்கி எழும் பழக்கத்தை விடாது, முழுநேரப் பதிவை எதிர்பார்க்க வேண்டாம்.

பேட்டரிதான் போய்விட்டது என்று எப்போது முடிவு செய்யலாம்?

60 சதவீதம் காட்டிய கேமரா ஒரு கிளிப் எடுத்ததும் 15-க்குத் தாவினால், அல்லது முன்பு ஐந்து மணி நேரம் பிடித்த சார்ஜ் அதே அடாப்டரில் ஒன்றரை மணியில் முடிந்தால், பேட்டரி தேய்ந்துவிட்டது. மேற்கு வெயில் நேராக அடிக்கும் வாசலில் இது சீக்கிரம் வரும், லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. மூடி சரியாகப் பொருந்தாமல் புடைத்திருந்தால் சோதனையெல்லாம் வேண்டாம், சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்துங்கள்.

வாசலில் மாட்ட நகர மன்ற அனுமதி வேண்டுமா?

2023 மே மாதத்திலிருந்து வேண்டியதில்லை, கேமரா அண்டை வீட்டுக் கதவையோ ஜன்னலையோ பார்க்காத வரை. பேட்டரிக்காகக் கீழே சாய்த்த கோணம் இதற்கும் பொருந்திவிடும்.

தீபாவளிக்கு மூன்று வாரம் ஊருக்குப் போகிறோம். அதுவரை தாங்குமா?

கிளம்பும் முன் ஒரு வாரத்துச் சராசரிச் சரிவைப் பாருங்கள். நாளைக்கு 4 சதவீதத்துக்கு மேல் என்றால் தாங்காது. நீங்கள் இல்லாவிட்டாலும் பண்டிகை வாரத்தில் காரிடாரில் நடமாட்டம் இரட்டிப்பாகும், பக்கத்து வீட்டு விருந்தினர், பலகாரத் தட்டு, பிள்ளைகள். ஆகவே 3 என்றாலும் நான் நம்ப மாட்டேன். சாவி கொடுத்து வைத்திருப்பவரிடம் பத்தாம் நாள் ஒருமுறை சார்ஜ் போட்டு மாட்டச் சொல்லுங்கள். கேமரா இல்லாத அந்தச் சில மணி நேரம் பகலாக இருக்கட்டும். அதற்கும் ஆள் இல்லையென்றால் இரவு 11 முதல் காலை 6 வரை மட்டும் அசைவு கண்டறிதல் இயங்கும்படி Schedule போட்டுவிட்டுப் போங்கள்.